‘மிகவும்’ போகட்டும், வாக்கியம் மொட்டையாக வேண்டாம்

மருத்துவமனைகளும் தொண்டு நிறுவனங்களும் மக்களுக்காக அச்சடிக்கும் துண்டுப் பிரசுரங்களையும் கையேடுகளையும் செம்மை பார்த்துக் கொடுப்பது என் தொழில். கைக்கு வருகிற பிரதிகள் பெரும்பாலும் ஊதிப்போயிருக்கும். மிகவும், மிக மிக, உண்மையில், பொருட்டு, என்பது குறிப்பிடத்தக்கது, இவற்றில் ஒன்றாவது இல்லாத பக்கத்தைப் பார்ப்பது அரிது. இதையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்று எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் எடுத்த பிறகு எழுத்து ஏன் அதட்டுவதுபோல் ஆகிவிடுகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்று சொல்பவர்கள் குறைவு.

ஒரு பத்தியை வைத்தே பார்ப்போம். சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு பற்றியது. எங்கிருந்து வந்தது என்று தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

“சர்க்கரை நோய் உள்ளவர்கள் தங்களது பாதங்களை மிகவும் கவனமாகப் பராமரித்துக்கொள்ள வேண்டியது மிக மிக அவசியமான ஒன்றாகும். உண்மையில், பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும் காரணத்தினால் காயம் ஏற்படுவதை உணர முடியாத நிலை ஏற்படுகிறது. எனவே காயங்களைக் கண்டறியும் பொருட்டுத் தினந்தோறும் பாதங்களைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது. மேலும், பாதங்களைக் கழுவுவதற்காகப் பயன்படுத்தப்படும் நீரானது மிகவும் சூடாக இல்லாமல் இருத்தல் வேண்டும்.”

வெட்டும் வேலையை மட்டும் செய்தால் இப்படி ஆகும்:

“சர்க்கரை நோயாளிகள் பாதங்களைப் பராமரிக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறையும். காயம் தெரியாது. தினமும் பாதங்களைப் பரிசோதிக்க வேண்டும். கழுவும் நீர் சூடாக இருக்கக் கூடாது.”

சுருங்கிவிட்டது, ஆனால் கேட்டால் விடுதிக் காப்பாளர் அறிவிப்புப் பலகையில் எழுதியதுபோல் இருக்கிறது. உரக்கப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஏறக்குறைய ஒரே நீளம். வேண்டும், குறையும், தெரியாது, வேண்டும், கூடாது என்று ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு வினைமுற்று வந்து கதவைச் சாத்துகிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால், வாக்கியங்களைக் குட்டையாக்கினால் இந்தச் சாத்தல் அடிக்கடி காதில் விழும். மொட்டையாக ஒலிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். ‘மிகவும்’ போனதால் வந்த குறை என்று நினைத்து அதையே திரும்பக் கொண்டுவந்து வைப்பவர்கள் உண்டு. வைத்தாலும் அந்த அதட்டல் போகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் பிரதியில் ‘எனவே’ இருந்தது. வெட்டியவர் அதையும் சேர்த்துத் தூக்கிவிட்டார். உணர்ச்சி குறைவதற்கும் தினமும் காலைப் பார்ப்பதற்கும் இருந்த காரண உறவு அறுந்துபோனது. ‘எனவே’ ஒன்றும் வெற்றுச் சொல் அல்ல. வெட்டும் வேகத்தில் ‘மேலும்’ போகிற வழியில் இதுவும் போய்விடுகிறது.

நான் செய்வது இப்படி:

“சர்க்கரை நோயில் நாளடைவில் பாதத்தின் உணர்ச்சி குறைந்து, முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் தெரியாமல் போகலாம். அதனால் தினமும் ஒருமுறை இரண்டு பாதங்களையும் கண்ணால் பாருங்கள். அடிப்பாதத்தைப் பார்க்க முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லலாம். கால் கழுவத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சூட்டைக் காலால் சோதிக்காதீர்கள், முழங்கையை வைத்துப் பாருங்கள்.”

முதல் பிரதியின் முதல் வாக்கியம் முழுவதும் போய்விட்டது. “மிக மிக அவசியம்” என்று சொல்லி யாரும் காலைப் பார்க்கப்போவதில்லை. முள் குத்தினாலும் தெரியாது என்றால் பார்ப்பார்கள். ‘மிகவும்’ தாங்கி நின்ற அழுத்தத்தை இப்போது முள்ளும் செருப்பும் தாங்குகின்றன. வாக்கியங்களை ஒட்டியதும் புதிய சொற்கள் அல்ல: ‘குறைந்து’ என்ற வினையெச்சம், ‘முடியாவிட்டால்’ என்ற நிபந்தனை, ஒரு ‘அதனால்’. வினைமுற்றை வினையெச்சமாக்கினாலே இரண்டு குட்டை வாக்கியங்கள் ஒன்றோடொன்று போய்ச் சேர்ந்துவிடும். தமிழுக்கு இயல்பாகவே உள்ள தையல் இது. மருத்துவர்களிடமிருந்து வந்த தகவல் கூடியதால், இந்தப் பிரதி வெட்டிய பிரதியைவிட நீளமாக இருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். “மிகவும் சூடாக இல்லாமல்” என்பதில் இருக்கும் ‘மிகவும்’ அலங்காரம் அல்ல, அளவு. அதை எடுத்ததும் “சூடாக இருக்கக் கூடாது” என்றாகி, பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்போல என்று படிப்பவர் நினைக்க இடம் கொடுத்துவிட்டது. எதிர்மறை வாக்கியத்தில் ‘மிக’ வந்தால் கையை வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அது ஓர் எல்லையைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஆனாலும் அதை அப்படியே விட்டுவைக்கவும் மனம் வராது, ஏனென்றால் எவ்வளவு சூடு மிகச் சூடு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ‘வெதுவெதுப்பு’ என்று ஒரு நல்ல சொல் வீடுகளில் புழங்கும்போது அதைப் போட்டுவிடலாம்.

மிகுதியைச் சொல்லும் ஆசை நமக்குப் புதிதும் அல்ல. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு உரிச்சொற்களை நன்னூல் ஒரே வரியில் அடுக்கிவைத்திருக்கிறது. செய்யுளில் ஓசை நிரப்ப வருகிற அசைச்சொற்களுக்கும் இலக்கணத்தில் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். பாட்டில் அது சரி. மாத்திரை விழுங்கும் முறையைச் சொல்கிற தாளில் ஓசை நிரப்பத் தேவையில்லை.

அடுத்து ‘பொருட்டு’. “கண்டறியும் பொருட்டு”, “கண்டறிவதற்காக”, “கண்டறிவதற்கு”, “கண்டறிய”, நான்கும் நோக்கத்தைத்தான் சொல்கின்றன. கடைசி வடிவமே பத்தில் எட்டு இடங்களில் போதும். மீதி இடங்களில்தான் வம்பு. “நோயாளி குணமடைய மருந்தை நிறுத்தினார்கள்” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். குணமாக வேண்டும் என்று நிறுத்தினார்களா, குணமாகிவிட்டதால் நிறுத்தினார்களா? ‘மழை பெய்யப் பயிர் செழித்தது’ என்பதுபோல, ‘செய’ என்னும் எச்சம் வேறோர் எழுவாயோடு வரும்போது, ஏற்கெனவே நடந்ததையும் சொல்லும். மருத்துவத் தாளில் இந்த இரண்டு பொருளுக்கும் நடுவே ஓர் ஆளின் உடல்நிலை நிற்கிறது. இங்கே ‘குணமடைவதற்காக’ என்ற நீளமான வடிவமே இருக்கட்டும். இரண்டு செயல்களுக்கும் எழுவாய் ஒன்றா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன். ஒன்று என்றால் சுருக்குவேன், வேறு என்றால் நிறுத்தி யோசிப்பேன். “மருந்து வாங்கப் பணம் எடுக்க வங்கிக்குப் போனார்” என்பதுபோல் இரண்டு ‘செய’ அடுத்தடுத்து மோதினாலும், ஒன்றை ‘வாங்குவதற்காக’ என்று நீட்டினால்தான் வாசிக்க முடியும்.

‘உண்மையில்’ என்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு நீக்குவதில்லை. அதற்கு முந்தின வாக்கியத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறதா என்று பார்ப்பேன். “காலில் வலியே இல்லை, அதனால் கால் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில், வலி தெரியாமல் போவதுதான் ஆபத்து.” இங்கே அந்தச் சொல் வாசகரைத் திருப்பிவிடுகிறது, எடுத்தால் இரண்டு வாக்கியங்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். மேலே இருக்கும் பத்தியில் மறுப்பதற்கு எதுவும் இல்லை, அதனால் போனது. கூடவே ‘ஆபத்து’க்கு முன்னால் இருக்கிற ‘தான்’ஐயும் கவனியுங்கள். ஏகாரம், ‘தான்’, உம்மை, இந்த மூன்றும் இருக்கும்போது அழுத்தத்துக்குத் தனிச் சொல் தேட வேண்டியதே இல்லை. ஆனால் வாக்கியத்துக்கு ஒரு ‘தான்’ போதும். இரண்டு வந்தால் அதுவே புது ஊதல்.

துணைவினை ‘கொள்’ வெட்டுபவர்களை ஏமாற்றக்கூடியது. “பராமரித்துக்கொள்ள”, “பரிசோதனை செய்துகொள்ள” என்ற இடங்களில் அது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே பழக்கத்தில் “காலையில் இன்சுலின் போட்டுக்கொள்ளுங்கள்” என்பதை “காலையில் இன்சுலின் போடுங்கள்” என்று ஆக்கினால், நோயாளியிடம் பேசிய தாள் செவிலியரிடம் பேசத் தொடங்கிவிடும். தனக்குத்தானே செய்வது என்ற பொருள் முழுவதும் அந்தக் ‘கொள்’ளில் இருந்தது.

‘கொஞ்சம்’ என்பதும் இப்படித்தான். “களிம்பைக் கொஞ்சம் தடவவும்” என்று எழுதினால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அங்கே அளவைச் சொல்லுங்கள். ஆனால் வரவேற்பு மேசைக்கு மேல் “டோக்கன் எண் அழைக்கும்வரை கொஞ்சம் காத்திருங்கள்” என்று இருந்தால் அந்தக் ‘கொஞ்சம்’ நேரத்தைக் குறிப்பதைவிட மரியாதையைத்தான் அதிகம் குறிக்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு வந்தவரை “கொஞ்சம் உட்காருங்க” என்றுதான் சொல்கிறோம். காத்திருந்து களைத்துப்போனவர் படிக்கிற பலகையில் அந்தச் சொல் இருந்துவிட்டுப் போகட்டும்.

வேலை நடைமுறையில், முதல் சுற்றில் எதையும் அழிக்காமல் பென்சிலால் வட்டமிடுவதோடு நிறுத்திக்கொள்வேன். கணினியில் என்றால் நிறம் பூசிவைப்பேன். பிறகு வட்டமிட்ட சொற்களை மட்டும் விட்டுவிட்டு உரக்கப் படிப்பேன். நாக்கு தடுக்கும் இடத்தில் ஒரு வினையெச்சமோ ‘அதனால்’ போன்ற ஓர் இணைப்போ தேவை. தடுக்காத இடத்தில் தயங்காமல் அழித்துவிடலாம். இதை மௌனமாகப் படித்துச் செய்ய முடியாது, கண் எல்லாவற்றையும் மன்னித்துவிடும்.

அழித்த பிறகு ஒற்றெழுத்தைப் பார்க்க வேண்டும். “பாதங்களை மிகவும் கவனமாக” என்பதில் ‘மிகவும்’ போனால் “பாதங்களைக் கவனமாக” என்று நடுவில் ஒரு ‘க்’ வந்தாக வேண்டும். “கண்டறியும் பொருட்டுத் தினமும்” சுருங்கினால் “கண்டறியத் தினமும்”. கணினியில் ‘மிக’வைத் தேடி மொத்தமாக அழிக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ‘மிகவும்’ இருந்த இடத்தில் ‘வும்’ நிற்கும், “மிகச் சிறிய” என்பது “ச் சிறிய” என்று தலை போய் நிற்கும், அதை அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்த பிறகுதான் யாராவது பார்ப்பார்கள்.