"கையெழுத்து மட்டும்தான் என்னுடையது" என்றால் வழக்கு நிற்காதா?

செக் ரிட்டர்ன் வழக்கில் சம்மன் வாங்கிக்கொண்டு வருகிறவர்களில் பலர் உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றுதான்: "சார், அது செக்யூரிட்டிக்குக் கொடுத்த வெற்று செக். கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. தொகையும் தேதியும் அவர்கள் எழுதிக்கொண்டது." இதைச் சொன்னாலே வழக்கு விழுந்துவிடும் என்று யார்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்தார்களோ தெரியவில்லை. விழாது. ஏன் என்று சொல்வதற்கு முன், வங்கியில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிலும் ஒரு பழைய நம்பிக்கை ஆளைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறது.

"செக் போட்டாலும் கிளியராக ரெண்டு நாள் ஆகும், அதற்குள் பணத்தைப் போட்டுவிடலாம்" என்ற கணக்கு இப்போது செல்லாது. நீங்கள் கொடுத்த செக் தாளாக உங்கள் கிளைக்கு வருவதில்லை. வாங்கியவரின் வங்கி அதை ஸ்கேன் செய்து, படத்தையும் அடியில் உள்ள எண்களையும் கிளியரிங் ஹவுஸ் வழியாக உங்கள் வங்கிக்கு அனுப்புகிறது. 2025 அக்டோபர் 4 முதல் இது நாள் முழுக்கத் தொடர்ந்து நடக்கிறது. வங்கி நேரத்தில் படங்கள் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பணம் தருவதாகவோ திருப்புவதாகவோ சொல்லியாக வேண்டும். ஆகவே செக்கில் போட்ட தேதியன்று காலையிலேயே கணக்கில் பணம் இருக்க வேண்டும். மதியம் வசூலாகும் பணத்தை நம்பி செக் எழுதாதீர்கள்.

திரும்பும் காரணங்கள் எல்லாம் ஒன்றல்ல. எழுத்தில் ஒரு தொகை, எண்ணில் ஒரு தொகை. தேதி போட்டு மூன்று மாதம் கடந்துவிட்டது. தொகையை அடித்துத் திருத்தியிருக்கிறது. இவை பெரும்பாலும் புது செக் எழுதிக் கொடுத்தால் முடிந்துபோகும். பணம் போதவில்லை என்று வங்கியிடமிருந்து மெமோ வந்தால்தான், செக் ரிட்டர்ன் வழக்குக்கு அடிப்படையான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு நேராக வருகிறது. "அப்படியானால் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிடுகிறேன்", "கணக்கையே மூடிவிடுகிறேன்" என்று கிளம்புகிறவர்களுக்கு: இரண்டையும் உச்ச நீதிமன்றம் எப்போதோ 138-க்குள் கொண்டுவந்துவிட்டது. கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பினாலும் வழக்கு வரலாம். வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போடும் கெட்டிக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இனி அந்த வெற்று செக். கையெழுத்திட்ட, நிரப்பாத ஆவணத்தை ஒருவரிடம் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்ததாக அதே சட்டத்தின் 20-வது பிரிவு கொள்கிறது. கையெழுத்து உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்ட கணத்தில் 139-வது பிரிவு வேலை செய்யத் தொடங்குகிறது: அந்த செக் ஒரு கடனைத் தீர்க்கவே கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அனுமானிக்கலாம் என்பதல்ல, அனுமானிக்க வேண்டும். தானாக விரும்பிக் கொடுத்த வெற்று செக்குக்கும் இந்த அனுமானம் பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. எழுத்து யாருடையது, எந்தப் பேனா என்று நிபுணரிடம் அனுப்பச் சொல்லி மனுப் போட்டு மாதங்களை வீணாக்குவதால் பெரும்பாலும் பயன் இல்லை. கேள்வி எழுத்தைப் பற்றியதே அல்ல. அந்தத் தேதியில், அந்தத் தொகைக்குக் கடன் இருந்ததா என்பதுதான் கேள்வி. இல்லை என்று காட்டும் பொறுப்பு செக் கொடுத்தவர் தலையில். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. நீங்கள் சொல்வதே நம்பத்தகுந்தது என்ற அளவுக்கு ஆதாரம் இருந்தால் போதும். ஆனால் ஏதாவது ஆதாரம் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, கையெழுத்திட்ட வெற்று செக் ஒன்றைக் கொடுக்கிறார். பிறகு 1,20,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கிறார், கையில், ரசீது இல்லாமல். மனக்கசப்பு வருகிறது. கடன் கொடுத்தவர் செக்கில் 3 லட்சம் என்று எழுதி வங்கியில் போடுகிறார். மார்ச் 10 அன்று பணம் இல்லை என்ற மெமோ அவர் கைக்கு வருகிறது. அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் அவர் எழுத்து மூலம் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அனுப்புகிறார், மார்ச் 24 அன்று நம்மவர் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார். இப்போது 15 நாள், அதாவது ஏப்ரல் 8 வரை அவகாசம். இந்த நாளுக்குள் செக் தொகையைக் கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை. செக் திரும்பியதால் மட்டும் யாரும் குற்றவாளி ஆவதில்லை. இந்த 15 நாளும் கொடுக்காமல் இருப்பதுதான் குற்றத்தை முழுமையாக்குகிறது. ஏப்ரல் 9 முதல் ஒரு மாதத்துக்குள் எதிர்த்தரப்பு புகார் தாக்கல் செய்யலாம். அவருடைய கணக்கு உள்ள கிளை எந்த ஊரோ, வழக்கும் அந்த ஊரில். நீங்கள்தான் அலைய வேண்டும்.

மேலே சொன்னவர் 1,20,000 ரூபாயை வங்கி மூலம் அனுப்பியிருந்தால் கதையே வேறு. செக் போடும் நாளில் உண்மையான பாக்கி 1,80,000 தான். வாங்கிய பகுதித் தொகையை செக்கின் மேல் குறிக்காமல் முழு 3 லட்சத்துக்கு அதைப் போட்டால் 138 பொருந்தாது என்பது 2022-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வங்கிக் கணக்கில் ஒரே ஒரு வரி இருந்தால் தப்பியிருப்பார். கையில் கொடுத்த காசுக்கு அந்த வரி கிடையாது.

தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றத்தை மறுத்து வழக்கு நடத்தினால், தீர்ப்புக்கு முன்பே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எந்தக் கட்டத்திலும் சமாதானமாகப் போகலாம், ஆனால் தாமதமாகத் தாமதமாகச் செலவு ஏறும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெற்று செக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எந்தக் கடனுக்கு, எவ்வளவுக்கு என்று செக் எண்ணோடு ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். திருப்பிக் கட்டுவதெல்லாம் வங்கி வழியே. கடன் முடிந்ததும் செக்கைக் கேட்டு வாங்குங்கள். "தேடித் தருகிறேன்" என்று இழுத்தால் அன்றே செக் எண்ணையும் கட்டிய விவரத்தையும் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு ஸ்டாப் பேமென்ட் கொடுங்கள். கடிதம் இல்லாத ஸ்டாப் பேமென்ட் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

தயவுசெய்து, நோட்டீஸ் கவரை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பாதீர்கள். சரியான முகவரிக்கு வந்த கவர் மறுக்கப்பட்டால் அது உங்களிடம் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும்; போவது பதில் சொல்லும் வாய்ப்பும் அந்த 15 நாளும்தான். நோட்டீஸ் உண்மையிலேயே கைக்கு வரவில்லை, சம்மன்தான் முதலில் வந்தது என்றால், சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டி, கட்டியதை நீதிமன்றத்தில் தெரிவித்து, புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். அந்த நாட்களையும் யோசித்தே கழித்துவிட்டு இருபதாவது நாள் வக்கீலைத் தேடி வராதீர்கள்.