நெல்லைக்கு எட்டாத நிழல்

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "2025 செப்டம்பர் 7 ராத்திரி மொட்டைமாடியில நின்னு முழு சந்திர கிரகணம் பார்த்தோம். முழு சூரிய கிரகணம் மட்டும் ஏன் நம்ம ஊருக்கு வரமாட்டேங்குது? 2010-லகூட நடுவுலதான மறைஞ்சுது, சுத்தி வளையம் நின்னுதே!"

சந்திர கிரகணத்தில் சிக்கலே இல்லை. நிலா இருக்கும் தூரத்தில் பூமியின் நிழல் ஏறத்தாழ 9,000 கி.மீ. அகலம், நிலாவோ 3,474 கி.மீ. தான். அது நிழலுக்குள் போனால், அப்போது இரவாக இருக்கும் பாதி உலகத்துக்கும் தெரியும். பௌர்ணமிதோறும் கிரகணம் வராததற்குக் காரணம், நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருப்பது. சூரியனின் பாதையை அது வெட்டும் இரண்டு புள்ளிகளைத்தான் பஞ்சாங்கம் ராகு, கேது என்கிறது. அங்கே பாம்பும் இல்லை, விஷமும் இல்லை. கிரகணத்தன்று தாம்பாளத்தில் நிற்கும் உலக்கை, அடி தட்டையாக இருந்தால் மறுநாளும் நிற்கும்.

வாசகர் சொல்லும் வளையத்துக்கு வருவோம். சூரியன் நிலாவைவிட 400 மடங்கு அகலம். அதனால் நிலாவின் நிழல் போகப் போகக் குறுகி, கூம்பு போல ஒரு முனையில் முடிந்துவிடும். கூம்பின் நீளம், நிலாவுக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் சுமார் 400-ல் ஒரு பங்கு. 2010 ஜனவரி 15 அன்று அந்தத் தூரம் 14.7 கோடி கி.மீ.; ஜனவரியில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. ஆகவே நிழலின் நீளம் சுமார் 3,67,000 கி.மீ. நிலாவோ அன்று ஏறக்குறைய தன் உச்சத் தொலைவில், நெல்லையிலிருந்து கிட்டத்தட்ட 4 லட்சம் கி.மீ. தள்ளி நின்றது. நிழலின் முனை நம் தலைக்கு மேலே 30,000 கி.மீ. உயரத்திலேயே தீர்ந்துபோயிற்று!

முனையைத் தாண்டி நிற்பவருக்கு நிலாவைச் சுற்றிலும் சூரியனின் விளிம்பு தெரியும். நிலாவின் வட்டு அன்று சூரிய விட்டத்தில் சுமார் 91 சதவீதமே இருந்தது. பரப்பில் ஆறில் ஒரு பங்கு சூரியன் மிச்சம். மத்தியானம் இருட்டாததற்கு அதுவே காரணம்.

ஜூலையில் கூம்பு 3,79,000 கி.மீ. வரை நீளும். நிலா 3,57,000 கி.மீ.க்கு நெருங்கியும் வந்தால் முனை தரையைத் தொட்டுவிடும். அப்போதும் விழும் நிழல் வழக்கமாக 270 கி.மீ.க்குள் அடங்கும் ஒரு பட்டைதான். 2009 ஜூலை 22 அன்று அந்தப் பட்டை சூரத், பாட்னா வழியாகப் போயிற்று. நெல்லைக்குப் பகுதி கிரகணமே மிச்சம். உலகில் எங்காவது ஒன்றரை ஆண்டுக்கொரு முறை முழு கிரகணம் நடந்தாலும், ஒரே ஊருக்குத் திரும்ப வரச் சராசரியாக 375 ஆண்டுகள் ஆகும். இது சராசரிதான். அமெரிக்காவின் கார்பண்டேல் நகரத்துக்கு 2017-லும் 2024-லும் அடுத்தடுத்து வாய்த்தது.

வளைய கிரகணத்தில் ஒரு நொடிகூடக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. எக்ஸ்ரே ஃபிலிம் உதவாது. வேப்பமரத்தடியில் நின்று தரையைப் பார்ப்பது மேல். இலை இடுக்குகள் ஊசித்துளையாக வேலை செய்யும். இடுக்கிலிருந்து தரைக்கு 2 மீட்டர் என்றால் வளையம் சுமார் 2 செ.மீ. அகலத்தில் விழும், இடுக்கு அதைவிடப் பெரிதாக இருந்தால் வெறும் வெயில் திட்டுதான்.