மூடிய டப்பாவுக்குள் வண்டு எப்படி வருகிறது?

வாசகி ஒருவர் தன் சமையலறையில் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தார். எவர்சில்வர் தட்டில் பரப்பிய அரிசி, அதன்மேல் ஊர்கிற வண்டுகள். "வாங்கி ஒரு மாசம்தான் ஆச்சு. டப்பாவை இறுக்கமாத்தான் மூடி வச்சிருந்தேன். இது எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று விதமான பூச்சிகளின் அடையாளம் தெரிகிறது. முகம் முன்பக்கம் மூக்குபோல் நீண்டு, முதுகில் மங்கலான நான்கு புள்ளிகளோடு இருப்பது அரிசிக் கூன்வண்டு. அறிவியல் பெயர் சிட்டோஃபிலஸ் ஒரைசே. மூன்று மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். மூக்கு இல்லாமல், தட்டையாக, செம்பழுப்பு நிறத்தில் மினுமினுப்பது சிவப்பு மாவு வண்டு. தட்டின் ஓரத்தில் நாலைந்து அரிசி மணிகள் நூலாம்படையில் சிக்கியதுபோல ஒட்டிக்கிடக்கின்றன. அது அந்துப்பூச்சியின் புழு கட்டிய கூடு.

இந்த மூன்றில் கூன்வண்டுதான் முதலில் வந்திருக்கும். இன்னொன்றையும் கவனித்தேன். படத்திலுள்ள கூன்வண்டுகளில் சில கிட்டத்தட்டக் கறுப்பு, சில வெளிர்ந்த செம்பழுப்பு. வெளிர்நிற வண்டுகள் சில நாட்களுக்கு முன்தான் அரிசி மணிக்குள்ளிருந்து வெளியே வந்தவை. அந்த நிற வித்தியாசத்துக்குள் ஓர் அருமையான கதை இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் அந்தக் கேள்வி.

வண்டு டப்பாவுக்குள் நுழையவே இல்லை. அரிசியோடு சேர்ந்து, அரிசிக்குள் இருந்தபடியே வந்தது. பெண் கூன்வண்டின் மூக்கு நுனியில் மிகச் சிறிய தாடைகள் இருக்கின்றன. அவற்றால் அது மணியில் ஒரு குழி குடைகிறது. பிறகு திரும்பி நின்று, அந்தக் குழிக்குள் ஒரே ஒரு முட்டையை வைக்கிறது. அதோடு விடுவதில்லை. பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து குழியின் வாயை அடைத்து, மணியின் மேற்பரப்போடு சமமாக்கிவிடுகிறது. அந்தப் பசை காய்ந்ததும் அரிசியின் நிறத்துக்கே வந்துவிடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆய்வுக்கூடத்தில் அமில ஃபுக்சின் என்ற சாயத்தில் தானியத்தை நனைப்பார்கள். அடைப்பு உள்ள இடம் மட்டும் செர்ரிப்பழச் சிவப்பில் பளிச்சென்று தெரியும்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு அரிசி மணி சுமார் 20 மில்லிகிராம் என்று வைத்தால், ஒரு கிலோவில் 50,000 மணிகள். 25 கிலோ மூட்டையில் பன்னிரண்டரை லட்சம். ஆலையிலோ கிடங்கிலோ ஐந்தே ஐந்து பெண் வண்டுகள் அந்த அரிசியில் பத்து நாட்கள் இருந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று முட்டை வைத்ததாகக் கொள்வோம். மொத்தம் 150 முட்டைகள். அதாவது எட்டாயிரத்துச் சொச்சம் மணிகளுக்கு ஒன்று. அந்த ஐந்து வண்டுகளையும் சல்லடை நீக்கிவிட்டாலும், முட்டையுள்ள மணியை நீக்காது. கடைக்காரர் கையில் அள்ளிக் காட்டும்போது அரிசி பளபளவென்று சுத்தமாகத்தான் இருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவருக்கும் தெரியாது.

நம் ஊர் வெப்பத்தில், சுமார் 30 டிகிரியில், மூன்று நான்கு நாளில் முட்டை பொரிகிறது. கால் இல்லாத, வெள்ளையான, உருண்ட புழு. தன் வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு மணிக்குள்ளேயே இருந்து அதையே தின்று வளர்ந்து, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, அதற்குள்ளேயே வண்டாகிறது. வண்டான பிறகும் சில நாட்கள் உள்ளேயே இருந்துவிட்டுத்தான் ஓட்டை போட்டு வெளியே வருகிறது. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மாதம். வாசகி சொன்ன ஒரு மாதக் கணக்கும் இதுவும் ஒத்துப்போவது தற்செயல் அல்ல.

சரி, இப்போது அந்த நிறம்.

பூச்சிக்கு எலும்பு கிடையாது. தோல்தான் அதன் எலும்புக்கூடு, கவசம், ஈரம் வெளியேறாமல் காக்கும் உறை எல்லாமே. புதிதாக உருவான வண்டின் தோல் மென்மையாகவும் வெளிர்ந்தும் இருக்கும். அது இறுகிக் கறுப்பதற்கு டைரோசின் என்ற அமினோ அமிலம் நிறைய வேண்டும். டைரோசினை ஃபீனைல்அலனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்தும் உடல் செய்துகொள்ளும். ஆனால் வண்டு பிறந்தது முதல் தின்றதெல்லாம் ஒரே ஒரு அரிசி மணி. அதில் பெரும்பகுதி மாவுச்சத்து. ஒரு முழுக் கவசத்துக்குத் தேவையான அளவு இந்த அமினோ அமிலங்கள் அதிலிருந்து கிடைக்காது.

இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டுவது வண்டின் உடலுக்குள் வாழும் ஒரு பாக்டீரியா. சோடாலிஸ் பியரன்டோனியஸ் என்று பெயர். அது குடலில் மிதந்துகொண்டிருப்பதில்லை. அதற்கென்றே அமைந்த தனி உயிரணுக்களுக்குள், தனி உறுப்பில் குடியிருக்கிறது. தாயின் முட்டை வழியாகவே பிள்ளைக்குப் போகிறது. புழுப் பருவத்தில் ஓரளவு எண்ணிக்கையில்தான் இருக்கும். வண்டு உருவாகிக் கவசம் கட்டத் தொடங்கும் நாட்களில் பாக்டீரியாக்கள் கிடுகிடுவென்று பெருகுகின்றன. அவை செய்து கொடுக்கும் அமினோ அமிலங்களால் தோல் இறுகுகிறது, கறுக்கிறது.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் என்னால் எத்தனை முறை படித்தாலும் வியக்காமல் இருக்க முடியவில்லை. கவசம் முடிந்ததும், வண்டின் உடல் குடலையொட்டிய அந்தப் பாக்டீரியாக்களை அழித்துவிடுகிறது. நோய்க்கிருமியைத் தாக்குவதுபோல் தாக்கி அல்ல. பாக்டீரியாக்களைச் சுமக்கும் தன் உயிரணுக்களையே ஒழுங்காகக் கலைத்து, உள்ளிருப்பவற்றைச் செரித்து, அந்தச் சத்தையும் தனக்கே எடுத்துக்கொள்கிறது. சில வாரங்களில் குடல் பக்கம் ஒரு பாக்டீரியாகூட மிஞ்சாது. பெண் வண்டின் சினைப்பையில் இருப்பவை மட்டும் தப்புகின்றன, அடுத்த தலைமுறைக்காக. பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2014-இல் இதை விரிவாகக் காட்டினார்கள். பாக்டீரியாவை நீக்கி வளர்த்த கூன்வண்டுகளும் ஆய்வகங்களில் உண்டு. அவை மெதுவாக வளர்கின்றன, தோல் மெலிந்து வெளிறியிருக்கிறது, பறக்கவும் முடிவதில்லை.

அரிசி வண்டின் வயிற்றிலுள்ள பாக்டீரியாவை ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவின் தானியக் கிடங்குகளில் வண்டைக் கொல்ல நாம் பெரிதும் நம்பியிருப்பது பாஸ்பீன் என்ற ஒரே வாயுவை. அதற்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற கூன்வண்டுகளும் மாவு வண்டுகளும் ஏற்கெனவே வந்துவிட்டன. பாஸ்பீன் கைவிடும் நாளில், கவசம் மெலிந்து எளிதில் உலர்ந்து சாகும் வண்டை உண்டாக்கத் தெரிந்திருந்தால் அது பெரிய பலம். நெல் விளைவிக்கும் ஆராய்ச்சிக்குத் தருகிற அக்கறையில் ஒரு பகுதியையாவது, விளைந்ததைக் காப்பாற்றும் ஆராய்ச்சிக்கும் அரசுகள் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கூன்வண்டு வேலையை ஆரம்பித்தபின் மற்றவை பின்தொடர்கின்றன. மாவு வண்டால் முழு மணியை உடைக்க முடியாது. குருணை, தூசி, மாவு, கூன்வண்டு குடைந்து தள்ளிய பொடி, இவைதான் அதன் உணவு. அரிசியில் அது தெரிந்தால் அங்கே உடைசல் நிறைய இருக்கிறது என்று பொருள். கோதுமை மாவிலோ ரவையிலோ அதற்கு யாருடைய உதவியும் தேவையில்லை. எண்ணிக்கை கூடினால் அது சுரக்கும் குயினோன் வகைப் பொருள்களால் மாவு மங்கலான நிறத்துக்கு மாறி, மூக்கில் ஏறும் ஒரு கார வாடை வரும். அந்த மாவைச் சலித்துப் பயனில்லை, கொட்டிவிடுங்கள். கூன்வண்டு இருந்த அரிசி அப்படியல்ல. அது கடிப்பதில்லை, நஞ்சும் இல்லை. நன்றாகக் கழுவி, மிதக்கும் மணிகளை வடித்துவிட்டுச் சமைக்கலாம். மிதக்கும் மணி பெரும்பாலும் உள்ளே குடைந்த மணி.

நூல் கட்டுவது நம் வீடுகளில் பெரும்பாலும் அரிசி அந்துப்பூச்சியின் புழு. கார்சைரா செபலோனிகா என்பது அதன் பெயர். சமையலறையில் எதிரியான இதையே ஆய்வகங்களில் கம்புக் குருணையில் வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, டிரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவியை அவற்றில் முட்டையிட வைத்து, அந்த அட்டைகளைக் கரும்புத் தோட்டங்களில் கட்டுகிறார்கள். குளவிகள் வெளிவந்து கரும்பின் தண்டுத் துளைப்பான் முட்டைகளை அழிக்கின்றன.

'வண்டு விழுந்தால் மருந்து அடிக்காத நல்ல அரிசி, விழாவிட்டால் ரசாயனம்' என்றொரு நம்பிக்கை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதில் உண்மை இல்லை. பாஸ்பீன் புகையூட்டிய அரிசியும் கிடங்கைவிட்டு வெளியே வந்தபின் வண்டு பிடிக்கும், ஏனென்றால் வாயு போனபின் அதற்குப் பாதுகாப்பு எதுவும் மிஞ்சுவதில்லை. எந்த மருந்தும் படாமல், ஆனால் நன்றாக உலர்ந்த தானியம் வண்டில்லாமல் இருக்கும். ஈரப்பதம் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் கூன்வண்டால் பெருக முடியாது.

வீட்டில் என்ன செய்வது? வேப்பிலை, காய்ந்த மிளகாய், பூண்டு எல்லாம் போடுகிறோம். வாடையால் வெளியே உலவும் வண்டு கொஞ்சம் விலகலாம். மணிக்குள் அடைபட்டிருக்கும் புழுவை அவை தொடுவதே இல்லை. முறத்தில் புடைத்துச் சுத்தம் செய்த அரிசியில் இரண்டு வாரத்தில் மறுபடி வண்டு ஊர்வதும் இதனால்தான். அன்று புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் உள்ளே இருந்தவை அவை. மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் காயவைத்தால் வண்டுகள் ஓடிப்போகும், ஆனால் உள்ளே இருப்பவை சாக மணியே 50 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். அது பெரும்பாலும் நடப்பதில்லை. மேலும் கடும் வெயிலில் அரிசி கீறல் விட்டு உடையும். உடைந்தால் மாவு வண்டுக்கு வசதி.

நம்பகமான வழி ஃப்ரீசர். இரண்டு கிலோ அளவில் பைகளாகக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு நான்கும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறந்தால்தான் அரிசியில் ஈரம் கோக்காது. மூட்டையாக வாங்குகிறவர்களுக்கு இது முடியாது. அவர்கள் மாதத் தேவைக்கு மேல் வாங்காமல் இருப்பது நல்லது. பழைய அரிசியின்மேல் புதிய அரிசியைக் கொட்டக் கூடாது. டப்பாவைக் காலி செய்து, அடியில் ஒட்டிய பொடியைத் துடைத்து, காயவைத்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

கடைசியாக ஒன்று. தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு அரிசி டப்பாவிலோ பீரோவிலோ யாரும் வைக்கக் கூடாது. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவை வெளியிடும். மூடிய அறையில் தூங்குகிறவர்களை அது கொன்றுவிடும், மாற்று மருந்தும் கிடையாது. அப்படி ஒரு மாத்திரை வீட்டில் இருப்பது தெரிந்தால் கையால் தொடாமல், தண்ணீர் ஊற்றாமல், சன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறி, தீயணைப்புத் துறையை 101-இலோ 112-இலோ அழையுங்கள்.