நூற்றெட்டுப் பேரில் ஒன்பது பேர்

போன வாரமும் ஒருவர் கண் கலங்க வந்து உட்கார்ந்தார். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர். ஸ்கிரீனிங் டெஸ்ட் எடுத்ததில் பாசிட்டிவ். "டெஸ்ட் தொண்ணூறு சதவீதம் கரெக்டாம் டாக்டர். அப்போ எனக்கு நோய் இருக்கத் தொண்ணூறு சதவீதம் வாய்ப்புதானே?"

இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே விடுகிறேன்.

நோய் உள்ளவர்களில் எத்தனை பேரை டெஸ்ட் பிடிக்கிறது என்பது சென்சிட்டிவிட்டி. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டுகிறது என்பது ஸ்பெசிஃபிசிட்டி. இரண்டுமே யாருக்கு நோய் என்று முன்பே தெரிந்துகொண்டு போட்ட கணக்கு. ரிப்போர்ட்டோடு வருபவர் கேட்பதோ நேர் எதிர்த் திசையில்: பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே நோய்?

அவர் முன்னாலேயே ஒரு தாளில் கட்டம் போட்டேன். ஆயிரம் பேர், நூற்றுக்கு ஒருவருக்கு நோய் என்று வையுங்கள். சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி இரண்டும் 90 சதவீதம்.

| | நோய் உண்டு | நோய் இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| பாசிட்டிவ் | 9 | 99 | 108 |
| நெகட்டிவ் | 1 | 891 | 892 |
| மொத்தம் | 10 | 990 | 1000 |

முதலில் கீழ் வரிசையை நிரப்ப வேண்டும்: 10, 990. மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பார்க்காமலே பாதிக்குப் பாதி பிரித்துவிடுகிறார்கள். பிறகு பத்தில் 90 சதவீதம், ஒன்பது. 990-இல் 90 சதவீதம், 891. மீதியெல்லாம் கழித்தல்தான். சென்சிட்டிவிட்டிக்கு மேலிருந்து கீழே படியுங்கள், நோயாளியின் கேள்விக்கு இடமிருந்து வலமாகப் படியுங்கள்.

பாசிட்டிவ் 108 பேர். நோய் உள்ளவர்கள் 9. சுமார் 8 சதவீதம். டெஸ்ட் மோசமில்லை, நோயில்லாத கூட்டம் அவ்வளவு பெரியது, அதில் பத்து சதவீதம் தவறினாலே 99 பேர்.

இதே டெஸ்டை, பாதிப் பேருக்கு நோய் இருக்கும் அறிகுறிக்காரர்கள் ஆயிரம் பேரிடம் செய்தால் 500 பாசிட்டிவில் 450 பேருக்கு நோய். அங்கே 90 சதவீதம் சரிதான். ஆனால் நெகட்டிவ் வந்த 500 பேரிலும் 50 பேருக்கு நோய் இருக்கும். முதல் கட்டத்தில் 892-க்கு ஒருவர்தான். ஆகவே அறிகுறி இருந்தால் நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

8 சதவீதம்தானே என்று ரிப்போர்ட்டை மூலையில் போடுவதும் தப்பு. நூற்றில் ஒன்றாக இருந்த வாய்ப்பு எட்டு மடங்கு ஏறியிருக்கிறது. நீங்களாக மருந்து ஆரம்பிக்காதீர்கள். அதே டெஸ்டை இன்னொரு லேபில் எடுத்துவிட்டு 'கன்ஃபர்ம் ஆகிவிட்டது' என்றும் சொல்லாதீர்கள். உங்கள் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று முதல் டெஸ்டை ஏமாற்றியிருந்தால், இரண்டாவதையும் அதுவே ஏமாற்றும். வேறு முறையில் செய்யும், ஸ்பெசிஃபிசிட்டி கூடுதலான பரிசோதனைதான் வேண்டும். அவரை அதற்குத்தான் அனுப்பியிருக்கிறேன். அந்தத் தாளையும் கையில் கொடுத்து.