மென்மையாக்கிய கடிதத்தில் நாலாயிரம் ரூபாய் போன கதை

வரவுசெலவுக் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. பாக்கி கேட்டு அனுப்பும் கடிதங்களையும் அவ்வப்போது பார்த்துக் கொடுப்பேன். கோவையில் லேத் பட்டறை நடத்தும் ஒருவர், கோபத்தில் இப்படி எழுதியிருந்தார்:

“பில் தொகை ரூ.3,84,000. வந்தது ரூ.1,50,000. மீதி ரூ.2,34,000-ஐ 14-ம் தேதி வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் அனுப்ப வேண்டும். வராவிட்டால் அடுத்த லோடு அனுப்ப மாட்டோம்.”

பழைய பார்ட்டி, முகம் முறிந்துவிடக்கூடாது என்று அவருடைய மகன் திருத்தினான். போனது இதுதான்:

“சுமார் 2.3 லட்சம் நிலுவையில் உள்ளது. இந்த வார இறுதிக்குள் அனுப்ப இயன்றால் உதவியாக இருக்கும். தாமதமானால் அடுத்த லோடு அனுப்புவது சற்றுச் சிரமம். உங்கள் நிலைமை புரிகிறது, பேசி ஒரு வழி செய்துகொள்ளலாம்.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளி மாலை ஞாயிறு இரவாகிவிட்டது. ‘மாட்டோம்’ என்பது ‘சிரமம்’ ஆனதால், லோடு எப்படியும் வரும் என்று எதிர்த்தரப்பு எடுத்துக்கொண்டது. இவற்றைவிட மோசம் கடைசி வாக்கியம். மூலத்தில் இல்லாத ஒரு வாக்குறுதி அதில் புதிதாக முளைத்திருக்கிறது. திருத்தும்போது விட்டுப்போனதைத் தேடுவோம், சேர்ந்ததைத் தேட மாட்டோம்.

திங்கட்கிழமை ரூ.2,30,000 வந்தது, “கணக்கு முடிந்தது” என்ற குறிப்போடு. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, பணம் வர வேண்டியவர் தானே கெடுவை நீட்டலாம், தொகையில் ஒரு பகுதியை விட்டும் கொடுக்கலாம். அப்படி விட்டுக்கொடுத்தார் என்று வாதாட, ‘சுமார்’ என்று நாமே எழுதிய கடிதம் ஒரு பிடி ஆகிவிடும்.

இப்போது நான் செய்வது எளிது. மூலத்தைப் பக்கத்தில் வைக்காமல், திருத்தியதை மட்டும் படித்து ஒரு தாளில் எழுதுவேன்: எவ்வளவு, எந்த நாள் எத்தனை மணிக்குள், தராவிட்டால் என்ன, நாம் என்ன தருவதாகச் சொல்லியிருக்கிறோம். அப்புறம் மூலத்திலிருந்தும் அதே நான்கையும் எழுதி ஒப்பிடுவேன். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், மூலத்தில் உள்ள தேதியை மனமே திருத்தியதிலும் நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் இந்த வரிசை.

எண்கள் சட்டென்று கண்ணில் படும். வினைமுற்றுகள்தான் நழுவும். ‘வேண்டும்’ என்பது ‘இயன்றால்’ ஆவதும், ‘தருகிறோம்’ என்பது ‘தரப் பார்க்கிறோம்’ ஆவதும் அப்படித்தான். ‘10 நாளில்’ என்பது ‘10 வேலை நாளில்’ ஆனாலும், இடையில் வரும் ஞாயிறுகள் கெடுவைத் தள்ளிவிடும்.

மென்மை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத் தொகையும் தேதியும் உள்ள வாக்கியத்துக்கு வெளியே வைக்கலாம். அடுத்த பாக்கிக்கு இப்படி எழுதினோம்:

“இத்தனை வருடப் பழக்கத்தில் இதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. மீதி ரூ.86,500-ஐ 20-ம் தேதி மாலை 5 மணிக்குள் அனுப்பிவிடுங்கள். அது வந்த பிறகே அடுத்த லோடு கிளம்பும். ஏதாவது தடங்கல் என்றால் முன்கூட்டியே கூப்பிடுங்கள்.”

19-ம் தேதியே முழுத்தொகையும் வந்தது. பழைய நாலாயிரத்தை மட்டும் தள்ளுபடிக் கணக்கில் எழுதினேன்.