விலைக் குறியீட்டெண் ஏன் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுகிறது?

நுகர்வோர் விலைக் குறியீட்டெண் கேட்கும் கேள்வி ரொம்ப எளிது. ஏதோ ஓர் ஆண்டில் ஒரு சராசரிக் குடும்பம் வாங்கிய பொருள்களை, அதே அளவில், இன்று வாங்க எவ்வளவு ஆகும்? வாழ்க்கைச் செலவைப் பற்றி நாம் உண்மையில் அறிய விரும்புவது வேறு: அன்று இருந்த அதே வசதி குறையாமல் இன்று வாழ எவ்வளவு வேண்டும்? முதல் கேள்விக்கு வரும் விடை, பெரும்பாலும் இரண்டாவதன் விடையைவிடப் பெரிதாக இருக்கும். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம்.

ஒருவர் இரண்டே பொருள்கள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்: பருத்தித் துணி, செயற்கை இழைத் துணி. மீட்டர் விலை இரண்டுக்குமே 10, எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் 10 மீட்டர் வாங்குகிறார், செலவு 200. அடுத்து, பருத்தியின் விலை 20 ஆகிறது. மற்றது அப்படியே 10. பழைய கூடையை மாற்றாமல் கணக்கிட்டால் 200 + 100 = 300. குறியீட்டெண் ஏற்றம் 50 சதவீதம். பழைய அளவுகளைப் பிடித்துக்கொண்டு கணக்கிடும் இந்த முறைக்கு லாஸ்பியர்ஸ் குறியீடு என்று பெயர்.

ஆனால் மனிதர்கள் அப்படி வாங்குவதில்லை. நம்மவர் எப்போதும் பணத்தைச் சரிபாதியாகப் பிரித்துச் செலவிடுபவர், இரண்டு அளவுகளையும் பெருக்கி வரும் எண்தான் அவருடைய திருப்தியின் அளவு என்று கொள்வோம். முன்பு அது 10 × 10 = 100. இப்போது அவர் கையில் 300 கொடுத்தால் 7.5 மீட்டர் பருத்தியும் 15 மீட்டர் செயற்கைத் துணியும் எடுப்பார். பெருக்கினால் 112.5. அதாவது விலையேற்றத்துக்கு ஈடாகக் கொடுத்த பணம் அவரை முன்பைவிட மேலான நிலையில் வைத்துவிட்டது. பழைய நிலையில் நிறுத்த 282.8 போதும்: ஏறக்குறைய 7.07 மீட்டரும் 14.14 மீட்டரும். உண்மையான வாழ்க்கைச் செலவு ஏற்றம் 41.4 சதவீதம்தான். மீதி 8.6 சதவீதப் புள்ளி, விலை ஏறியதிலிருந்து விலகி மலிவானதற்கு மாறும் பழக்கத்தைக் கணக்கில் எடுக்காததால் வந்த மிகை. இதைத்தான் பதிலீட்டுப் பிழை என்கிறார்கள்.

சரி, புதிய கூடையை வைத்துக் கணக்கிட்டால்? அந்த 7.07, 14.14 மீட்டர்களின் பழைய விலை 212.1, இப்போது 282.8. ஏற்றம் 33.3 சதவீதம். பாஷே குறியீடான இது, நம் கணக்கில் எதிர்ப்பக்கமாகத் தவறுகிறது. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், அதாவது 1.5 × 1.333-இன் வர்க்கமூலம், கிடைப்பது 1.414. நம் சரியான விடையே! ஃபிஷர் குறியீடு என்பது இதுதான். சரிபாதிச் செலவு என்று நாம் வைத்துக்கொண்டதால் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது. நிஜத்தில் நெருங்கிவரும், அவ்வளவே.

பிழையின் அளவு எதைப் பொறுத்தது என்பதும் இதே கணக்கில் தெரியும். எல்லா விலைகளும் ஒரே வீதத்தில் ஏறினால் மாறிக்கொள்ள எதுவும் இல்லை, பிழை பூஜ்யம். பருத்தி மட்டும் 10 சதவீதம் ஏறினால் லாஸ்பியர்ஸ் 5 சதவீதம் காட்டும், உண்மை ஏறக்குறைய 4.88. வித்தியாசம் 0.12 புள்ளி. ஆகவே விலைகள் ஒன்றுக்கொன்று பெரிதாக விலகும் காலங்களில்தான் இது கடிக்கும்.

இவ்வளவும் ரஷ்யப் பொருளியலாளர் கோன்யூஸ் 1924-லேயே எடுத்துச் சொன்ன அடிப்படைதான். தடை கருத்தில் இல்லை, தரவில். மக்கள் புதிதாக எவ்வளவு வாங்கினார்கள் என்பது தெரிய மாதக் கணக்கில் ஆகும். குறியீட்டெண்ணோ மாதந்தோறும் வந்தாக வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் 1999-இல் ஒரு பாதி வழி கண்டது: ஒரே வகைக்குள் இருக்கும் பொருள்களின் விலைகளைக் கூட்டுச் சராசரிக்குப் பதில் பெருக்குச் சராசரியால் சேர்த்தது. நம் கணக்கில் பருத்தி விலை 2 மடங்கு, மற்றது 1 மடங்கு: இந்த இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தாலும் அதே 1.414 வரும். புதிய செலவு விவரமே தேவையில்லை என்பது இதன் அழகு.

பதிலீட்டுப் பிழைக்காவது சூத்திரம் இருக்கிறது. தரமாற்றம் உண்மையிலேயே தலைவலி. விலை சேகரிப்பவர் மாதந்தோறும் அதே பொருளைத் தேடிப் போகிறார். ஒரு மாதம் அந்த மாடல் இல்லை. புது மாடல்தான் இருக்கிறது. 500-க்கு விற்ற 8 ஜிபி நினைவகக் கணினி போய் 560-க்கு 16 ஜிபி கணினி வந்திருக்கிறது. விலை ஏறியதா? இரண்டும் ஒன்றே என்று கொண்டால் 12 சதவீத ஏற்றம். வித்தியாசம் முழுவதும் தரத்துக்கானது என்றால் ஏற்றமே இல்லை.

இடையில் ஒரு வழி உண்டு. சந்தையிலுள்ள ஏராளமான கணினிகளின் விலைகளையும் இயல்புகளையும் வைத்துத் தொடர்புப்போக்கு ஆய்வு செய்து, நினைவகம் இரட்டித்தால் விலை எவ்வளவு கூடுகிறது என்று காண்பது. 15 சதவீதம் என்று வந்தால் 560-ஐ 1.15-ஆல் வகுக்க வேண்டும்: 487. தரத்தைச் சரிசெய்தபின் விலை 2.6 சதவீதம் இறங்கியிருக்கிறது. இதை ஹெடோனிக் முறை என்பார்கள். ஆண்ட்ரூ கோர்ட் 1939-இல் கார்களுக்குச் செய்தது. 1961-இல் சுவி கிரிலிச்சஸ் கையில் எடுத்தபின் பரவியது.

கணினியில் எண்ண ஜிபி இருக்கிறது. கண்புரை அறுவைச் சிகிச்சையில் எதை எண்ணுவது? ஒரு காலத்தில் ஒரு வாரம் போல மருத்துவமனையில் படுக்க வேண்டியிருந்தது. இப்போது அன்றே வீடு திரும்பலாம், பார்வையும் முன்பைவிடத் தெளிவு. மருத்துவமனையின் ஒருநாள் கட்டணத்தை மட்டும் தொடர்ந்து பதிவுசெய்தால் ஏற்றம்தான் தெரியும். ஒரு கண்ணைக் குணப்படுத்த ஆகும் செலவு வேறு கதை சொல்லும். இன்னொன்று, புதுப்பொருள்கள் குறியீட்டுக்குள் தாமதமாக நுழைவது. அமெரிக்காவில் செல்பேசி 1980-களில் விற்பனைக்கு வந்தது. குறியீட்டில் சேர்ந்தது 1998-இல். விலை சரசரவென்று விழுந்த அந்த ஆரம்ப ஆண்டுகள் பதிவாகவே இல்லை.

தரமாற்றம் எப்போதும் ஒரே பக்கம் தள்ளும் என்று நினைத்துவிடக் கூடாது. புது மாடல் வரும் நேரம் பார்த்து நிறுவனம் விலையையும் ஏற்றினால், 'எல்லாம் தரம்தான்' என்று ஒதுக்கும் முறை அந்த ஏற்றத்தை விழுங்கிவிடும். குறியீடு குறைத்துக் காட்டும். பழைய மாடலே போதும் என்பவருக்கு அது கடையில் இல்லாமல் போவதும் ஒரு செலவுதான், அதையும் எந்தச் சரிக்கட்டலும் பார்ப்பதில்லை.

1996 டிசம்பரில் மைக்கேல் பாஸ்கின் தலைமையிலான குழு, அமெரிக்கக் குறியீடு ஆண்டுக்கு 1.1 சதவீதப் புள்ளி கூடுதலாகக் காட்டுகிறது என்று அறிக்கை தந்தது. அதில் பதிலீட்டின் பங்கு 0.4, மலிவு விலைக் கடைகளுக்கு மாறுவது 0.1, தரமும் புதுப்பொருள்களும் 0.6. பெரிய பங்காகிய அந்த 0.6-தான் அதிகமாகக் குழுவின் தீர்ப்பைச் சார்ந்து நிற்பது. சர்ச்சையும் அங்கேதான் எழுந்தது. ஆண்டுக்கு 1.1 என்பது அற்பமாகத் தோன்றலாம். 20 ஆண்டுகளில் கூட்டுவட்டி போல ஏறினால் 24 சதவீதத்தைத் தாண்டும்.

2002-இல் அமெரிக்கப் பணியகம் சங்கிலிக் குறியீடு என்ற ஒன்றையும் வெளியிடத் தொடங்கியது. வகைகளுக்கு இடையே மக்கள் மாறிக்கொள்வதையும் அது கணக்கில் எடுக்கும். அதற்குக் கொடுக்கும் விலையாக, பல மாதங்கள் கழித்தே இறுதி எண் கிடைக்கும். பொதுவாகப் பழைய குறியீட்டைவிடச் சற்று மெதுவாக ஏறும். 2018 முதல் அமெரிக்க வருமான வரி அடுக்குகளின் வரம்புகள் இந்தச் சங்கிலிக் குறியீட்டோடு உயர்கின்றன. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமோ இன்னும் பழைய வகைக் குறியீட்டைப் பிடித்தே உயர்கிறது.