பவர் பேங்க் சார்ஜில் இருக்கும்போது போன் ஏன் ஏறுவதில்லை?

பவர் பேங்கை சார்ஜில் போட்டு, அதிலேயே போனையும் செருகினால், சிலவற்றில் போன் ஏறுவது அப்படியே நின்றுவிடும். பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், பெரும்பாலும் அதன் வடிவமைப்பே அப்படித்தான்.

உள்ளே இருக்கும் லித்தியம் செல் காலியாகும்போது 3 வோல்ட் பக்கம் இருக்கும், நிறைந்தால் 4.2. சாதாரண சார்ஜர் தருவதோ 5 வோல்ட். அதனால் செல்லில் ஏற்ற 5-ஐக் குறைக்க வேண்டும், போனுக்குக் கொடுக்க செல்லின் மின்னழுத்தத்தை 5-க்கு உயர்த்த வேண்டும், இந்த இரண்டு வேலைக்கும் காயில் எனப்படும் கம்பிச்சுருள் தேவை. விலை குறைந்த பவர் பேங்குகளில் இருக்கும் IP5306 போன்ற சிப் இரண்டு வேலைக்கும் ஒரே காயிலைத்தான் வைத்துக்கொள்கிறது. போர்டில் 1R0 என்று அச்சிட்ட சின்னக் கறுப்புச் சதுரம் ஒன்று இருக்கும், அதுதான். ஒரு நேரத்தில் அது குறைக்கும், இல்லாவிட்டால் உயர்த்தும். சார்ஜர் வந்ததும் ஏற்றும் பக்கம் திரும்பிவிடுவதால் போனுக்குப் போகும் வழி அடைபடுகிறது.

சரி, தானும் ஏறிக்கொண்டே போனையும் ஏற்றும், அதாவது பாஸ்-த்ரூ உண்டு என்று சொல்லி விற்கிறார்களே? அவற்றில் பலவும் செய்வது எளிய வேலை: சார்ஜரின் 5 வோல்ட்டை செல் வழியாகச் சுற்றவிடாமல் நேராகப் போனுக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை செல்லுக்குக் கொடுக்கின்றன. அந்த மிச்சம்தான் பிரச்சினை.

10,000 mAh பவர் பேங்க் என்றால் சுமார் 37 வாட்-மணி. 10 வாட் சார்ஜரில் தனியாகப் போட்டால், வெப்பமாக வீணாவது போக ஏறக்குறைய 5 மணி நேரத்தில் நிறையும். போன் அதில் 7 வாட்டை இழுத்துக்கொண்டால் மிஞ்சும் 3 வாட்டில் அதே வேலைக்கு 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். போன் 10 வாட்டையும் கேட்டால் பவர் பேங்குக்கு ஒன்றுமே இல்லை, விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டு இருக்கும், ராத்திரி முழுக்க வைத்தாலும் சார்ஜ் அளவைக் காட்டும் விளக்குகளில் ஒரு புள்ளிகூட ஏறாது. போனைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள், புள்ளி ஏறினால் பவர் பேங்க் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த வழியில் வேகமான சார்ஜிங்கும் பெரும்பாலும் கிடைக்காது. ஒரே கம்பியில் பவர் பேங்குக்கு 9 வோல்ட்டும் போனுக்கு 5 வோல்ட்டும் போக முடியாதே, அதனால் இரண்டும் 5-க்கு இறங்கிவிடும். கரண்ட் போனதும் காயில் திசை மாறிக் கிளம்பச் சற்றுநேரம் எடுக்கும். போனுக்கு அது தெரியாது, ஆனால் இதை நம்பி வைத்த வைஃபை ரவுட்டர் அணைந்து மறுபடி எழும். தடங்கல் இல்லாமல் ஓட வேண்டுமானால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் காயில் உள்ளதுதான் வேண்டும். விலையும் சூடும் கூடவே வரும்.

போனே இல்லாமலும் பவர் பேங்க் ஏறவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள். இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளில், எதிரே இருப்பது சார்ஜ் ஏற வேண்டிய பொருள் என்று தெரிந்தால்தான் சார்ஜர் மின்சாரமே விடும். அதைச் சொல்வது பவர் பேங்கின் துளையில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுபவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பவர் பேங்க், ஒரு முனை பழைய அகலமான யுஎஸ்பி ஆக உள்ள கேபிளில் போட்டால் உடனே ஏற ஆரம்பித்துவிடும்.